மயங்கி விழாத கசின் பிரதர்

மார்ச் 11. எட்டு நாற்பதுக்கு ராயபுரம் அலுவலகத்தில் நுழைந்து, தேநீருக்கு முன் அன்றைய கப்பல் பட்டியலைச் சரிபார்த்தேன். ஜெர்மனியில் சரக்கு வாங்குபவர், பில் ஆஃப் லேடிங் என்ற சரக்குச் சீட்டின் வரைவுக்கு மாலை ஐந்துக்குள் ஒப்புதல் தராவிட்டால் எங்கள் கன்டெய்னர் அந்தக் கப்பலில் ஏறாது. வழக்கமாக அதைக் கேட்டு வாங்கும் மேலாளர் விடுப்பில் இருந்தார்.

விடுப்பைச் சொன்னால் காரணத்தையும் சொல்வதுதான் எங்கள் அலுவலக மரியாதை. வாங்குபவருக்கு வரைவை அனுப்பியபோது, மேலாளர் அவுட் ஆஃப் ஸ்டேஷன், கசின் பிரதரின் பாசிங் அவுட்டுக்காகப் போயிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் விவரமாக எழுதினேன். அவருடைய சித்தப்பா மகன் போலீஸ் பயிற்சி முடித்து அன்று அணிவகுப்பில் நடந்துகொண்டிருந்தார்.

இரண்டு மணிக்குப் பதில் வந்தது. 'பாஸ் அவுட்' ஆகி மயங்கி விழுந்தவர் விரைவில் குணமடைய வேண்டுமாம். இந்த நேரத்தில் தொல்லை தராமல், மேலாளர் திரும்பும்வரை காத்திருப்பாராம்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் படித்தார். "இன்னா சார், பரேடுல நடந்துகினு கீறவர ஆஸ்பத்திரில படுக்க வச்சிட்ட! கப்பல் அதுக்குள்ள பூடும்."

எல்லோரும் நலம், ஐந்துக்குள் ஒப்புதல் தேவை என்று உடனே இரண்டு வரி அனுப்பினேன். நான்கு ஐம்பத்திரண்டுக்கு ஒப்புதல் வந்தது. கசின், பிரதர் இருவருமே தேறியதில் வாங்குபவருக்கு மகிழ்ச்சியாம்.

மறுநாள் காலை முதல் வேலையாக, விடுப்பை வெளியே தெரிவிக்கும் மாதிரிக் கடிதத்தைத் திறந்து காரணம் எழுதும் வரியை நீக்கினேன்.