ஈரமான டின்னும் கொதித்த எண்ணெயும்

திருச்சிக்கு வெளியே ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் நான் சூப்பர்வைசர். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிறேன். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காக வேலை செய்வார்கள். அதில் எனக்கு வருத்தமே கிடையாது.

எங்களிடம் பெரிய வாணலி ஒன்றுதான். வடை சுட்டு முடித்ததும் சாப்பாட்டு மணிக்குள் அதிலேயே பொரியலும் ஆக வேண்டும். அதனால் கொதிக்கிற எண்ணெயை அப்படியே டின்னுக்கு மாற்றிவிடுவது வழக்கம். அன்று டின்னை அப்போதுதான் கழுவியிருந்தார்கள், அடியில் ஈரம். சமையல் மாஸ்டர் ஊற்றியதும் எண்ணெய் படபடவென்று பொங்கித் தெறித்து அவருடைய இடது முன்கையில் பட்டது.

நான் ஓடி வருவதற்குள் யாரோ இட்லி மாவை அள்ளி அப்பிவிட்டார்கள். "இன்னொரு கரண்டி வச்சீங்க, நடக்கிறதே வேற!" என்று கத்திவிட்டு, மாஸ்டரின் கையைக் குழாயில் பிடித்தேன். தேய்க்கவில்லை, மாவு தண்ணீரோடு தானாகப் போனது. விரல் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றினேன். ஐஸ் கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பினேன். இருபது நிமிஷம் தண்ணீர் ஓடியது. கொப்புளத்தைத் தொடாமல் சுத்தமான துணியைத் தளர்வாகப் போர்த்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

மறுநாள் கேன்டீன் மேனேஜர் கூப்பிட்டார். நான் எழுதும் விபத்து அறிக்கைதான் அவருக்கும் இன்சூரன்ஸுக்கும் போக வேண்டும். "மாஸ்டர் கவனக்குறைவுன்னு சுருக்கமா முடிச்சிடுங்களேன்" என்றார். கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த மாஸ்டரும், "அப்படியே எழுதுங்க அக்கா, நமக்கு எதுக்கு வம்பு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உப்பிலியபுரத்தில் இவர் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. பழி இவர் மேல் விழுந்து இன்சூரன்ஸ் பணம் இழுபட்டால், கை ஆறும்வரை அது எப்படி ஓடும்?

"தினமும் சூடா மாத்தச் சொல்லி அவசரப்படுத்தறது நாமதான் சார். அதைத்தான் எழுதுவேன்" என்றேன். ஒற்றை வாணலி, மணி அவசரம், ஈர டின், செய்த முதலுதவி எல்லாவற்றையும் எழுதினேன். மாவையும் விடவில்லை. மேனேஜர் படித்துவிட்டு, முகம் சுருங்க, கையெழுத்துப் போட்டார்.

விசாரிக்க வந்த இன்சூரன்ஸ்காரர் நேரே அவரிடமே கேட்டார்: "சூடா மாத்தறது இங்க வழக்கமாங்க?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. "ஆமாங்க. வழக்கம்தான்" என்றார்.

மாஸ்டருக்குச் சேர வேண்டிய பணம் சேர்ந்தது. கை ஆறித் திரும்பிய முதல் நாள், வடை சுட்டு முடித்தவர் பழக்க தோஷத்தில் வாணலியின் காதைப் பிடிக்கக் கரித்துணியை எடுத்தார். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது; வெளியே வரிசை நீண்டு, "பொரியல் எங்க?" என்று சத்தம். நான் வாயைத் திறப்பதற்குள் கவுன்டரிலிருந்து மேனேஜரின் குரல் வந்தது.

"எண்ணெய் ஆறட்டும் மாஸ்டர். இவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

மாஸ்டர் துணியைக் கீழே வைத்தார்.