உப்புக்கும் சர்க்கரைக்கும் நடுவில் ஒரு மூச்சு

எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் அதற்காகத் திட்டு வாங்கினேன், வெளியே அதை வைத்துத்தான் பிழைத்தேன். எண்பதுகளில் புதுச்சேரியில் கல்யாண வீடியோ எடுக்கும் கடைகள் ஒன்றிரண்டு முளைத்திருந்தன. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில் இருந்த ஒன்றில் எனக்கு வேலை. மணமக்கள் பெயரை இனிமையாக வாசிப்பேன். தீபாவளி நேரத்தில் துணிக்கடைத் தள்ளுபடியையும் அதே இனிமையோடு வாசிப்பேன். கடைக்காரரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். ரேடியோ ரிப்பேரில் தொடங்கி வீடியோவுக்கு வந்தவர். எந்த மெஷினையும் திறந்து பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் பாய் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வாந்திபேதி வந்த குழந்தைக்கு வீட்டிலேயே உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுப்பது எப்படி என்ற படம். நம் குப்பங்களில்தான் எடுத்தார்கள். ஆனால் எடுத்தவர்கள் பிரான்சிலிருந்து வந்தவர்கள். அங்கே கொண்டுபோய் வெட்டி ஒட்டி, பிரெஞ்சில் பேசி, எட்டு நிமிஷப் படமாக முடித்து அனுப்பியிருந்தார்கள். இனி படத்தைத் தொட முடியாது. அந்த வசதி பாயிடம் இல்லை. பிரெஞ்சுக் குரல் இருந்த ஒலித்தடத்தில் தமிழ்க் குரலை ஏற்றலாம், அவ்வளவுதான். பின்னணி இசையும் கரண்டிச் சத்தமும் வேறு தடத்தில் இருந்தன.

"ஊர் ஊரா போட்டுக் காட்டப் போறாங்களாம். கனகசெட்டிக்குளம் வரைக்கும் போவுது உன் கொரல்" என்றார் பாய்.

எனக்கு அந்தப் பெருமை கூடப் பெரிதாகத் தெரியவில்லை. குருசுக்குப்பத்தில் குடியிருந்த என் அக்கா, முதல் குழந்தையை வாந்திபேதிக்குத்தான் பறிகொடுத்தாள். வயிற்றுப்போக்கின்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தண்ணீரே கொடுக்காமல் வைத்திருந்தார்கள். கடைசியில் அது அழுதபோது கண்ணில் நீரே வரவில்லை. இப்போது அவள் மடியில் எட்டு மாதத்தில் இன்னொன்று இருந்தது. அது ஒரு தும்மல் போட்டாலும் அக்கா கலங்கிப்போவாள். அவளுக்கு இந்தப் படம் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தேன். மற்ற ஊர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மொழிபெயர்த்தவர் ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார். ஊரே அவரை பிரெஞ்சு வழக்கப்படி முசியே, அதாவது ஐயா, என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை, பேச்சில் அப்பழுக்கில்லாத மரியாதை. அவர் ஒரு சபதம் எடுத்துக்கொண்டு எழுதியிருந்தார். பிரெஞ்சில் எத்தனை சொல்லோ தமிழிலும் அத்தனைதான். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

"அளவு சரியா இருந்தா நேரமும் சரியா இருக்கும்" என்றார். பாயும் எண்ணிப் பார்த்து, "டக்கரா இருக்கு முசியே" என்றார்.

படத்தை ஓடவிட்டு வாசிக்க உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் கடைசிவரை வாசிக்க வேண்டும். தவறினால் சுற்றிவிட்டு முதலிலிருந்து. "அன்பிற்கினிய தாய்மார்களே" என்று முசியே ஆசையாகப் போட்டிருந்த முகமன் முடிவதற்குள்ளேயே படத்தில் அம்மா அடுப்பை மூட்டிவிட்டாள். பாய் கையைச் சுழற்றி வேகம் வேகம் என்றார். நான் ஓடினேன். அடுத்த முறை இன்னும் வேகமாக ஓடினேன். பஸ் கிளம்புவதற்குள் பொரி விற்பவன் மாதிரி வாசித்து, கடைசி வாக்கியத்தின் கடைசி எழுத்தும் படத்தின் கடைசிக் காட்சியும் ஒன்றாக முடிந்தபோது மூன்று பேரும் கைதட்டினோம். பாய் டீ சொல்லி அனுப்பினார். தொடக்கம் சரி, முடிவும் சரி. நடுவில் என்ன ஆனது என்று எங்களில் ஒருவருக்கும் பார்க்கத் தோன்றவில்லை. எங்களுக்குத்தான் வாசகம் மனப்பாடமாயிற்றே.

சோதனைக்காக முதல் காட்சி குருசுக்குப்பத்தில் நடந்தது. சங்கக் கூடத்தில் கறுப்பு வெள்ளை டிவியை மேசைமேல் ஏற்றி வைத்தார்கள். பெண்கள் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்தார்கள். என் குரல் வந்ததும் அக்கா பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்து, "எந்தங்கச்சி" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

படம் முடிந்ததும் சுகாதார நர்சம்மா தண்ணீர்ச் செம்பையும் இரண்டு கிண்ணங்களையும் வைத்து, "யாராவது வந்து கலந்து காட்டுங்க" என்றார். அக்காதான் எழுந்தாள். முதல் குழந்தைக்குச் செய்யாததை எல்லாம் அன்றைக்கே செய்து முடித்துவிடுபவள் போல வேகமாக வந்தாள். உப்புக் கிண்ணத்தில் கையை விட்டு, கை நிறைய அள்ளினாள்.

நர்சம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "உப்பும்மா அது! இவ்ளோ போட்டா கொழந்த தாங்காது."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏன்க்கா, காது எங்க வச்சிருந்த? மூணு வெரல்னு தொண்ட கிழியச் சொன்னேனே" என்றேன்.

"நீ உப்பு உப்புன்னு சொன்னப்போ அவங்க கை நெறைய அள்ளினாங்கடி. நீ என்னமோ கடகடன்னு பேசிக்கினே போன. நான் கைய பாத்தேன்." கையிலிருந்த உப்பைக் கிண்ணத்தில் தட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எங்கொழந்தய நானே கொன்னுருப்பேனாடி?"

என் வாய் அடைத்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

கடைக்கு ஓடிவந்து கேசட்டைப் போட்டுக்காட்டும்படி பாயிடம் சொன்னேன். அக்கா சொன்னது அப்படியே இருந்தது. முகமனில் தொடங்கிய தாமதம் தண்ணீர்க் காட்சியில் கூடி, உப்பை எடுக்கும் விரல்கள் வந்து போனபிறகுதான் என் குரல் உப்புக்கே வருகிறது. நான் உப்பு என்று சொல்லும்போது திரையில் ஒரு கை சர்க்கரையை அள்ளுகிறது. கறுப்பு வெள்ளையில் உப்பும் சர்க்கரையும் ஒன்றுதான். கடைசியில் குழந்தை சிரிக்கும் நீளக் காட்சியில் நான் ஓடிப் பிடித்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் கைதட்டியிருக்கிறோம்.

முசியேவை வரவழைத்தோம். அவர் முதலில் நம்பவில்லை. "சொல்லை எண்ணித்தானே எழுதினேன்?"

"உங்க பிரெஞ்சுல ஒரு சிட்டிகை உப்புக்கு நாலு சொல்லு. அதுல ரெண்டு, ஒதடு அசையறதுக்குள்ள முடிஞ்சிடுது. நீங்களும் நாலு சொல்லுதான் எழுதியிருக்கீங்க, முசியே. 'உப்பினை மூவிரலளவு எடுத்துக்கொள்ளுங்கள் தாய்மார்களே.' இத ஒரு தபா நிறுத்தி வாசிங்க" என்றேன்.

அவர் வாசித்தார். பாய் கையில், பக்கத்துப் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாரிடம் இரவல் வாங்கிய ஓட்டப்பந்தயக் கடிகாரம் இருந்தது. உப்புக் காட்சி முடிந்து அடுத்த காட்சி பாதி போன பிறகுதான் முசியே தாய்மார்களை எட்டினார். இன்னொரு முறை வாசித்துப் பார்த்தார். பிறகு குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "சரி, எங்கே வெட்டணும் சொல்லு" என்றார்.

சொற்களை எண்ணுவதை விட்டோம். படத்தைத் துண்டு துண்டாக ஓட்டி, ஒவ்வொரு காட்சிக்கும் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தில் பார்த்தோம். அந்தக் காட்சிக்கான வரியை அக்காவிடம் சொல்வதுபோல நிதானமாக, வாய்விட்டு வாசிப்பேன். காட்சி முடிவதற்குக் கொஞ்சம் முன்பே வரி முடிய வேண்டும், மீதி நேரம் சும்மா இருக்க வேண்டும். இடிக்கிற வரியை வெட்டினோம். வெட்டியும் இடித்தால் இன்னும் வெட்டினோம். முசியேவுக்கு ஒவ்வொன்றும் பல் பிடுங்குவது போலத்தான் இருந்தது.

"எடுத்துக்கொள்ளுங்கள் இல்லாம எப்படிம்மா? வாக்கியம் மொட்டையா நிக்குதே."

"அதான் கை எடுக்குதே, முசியே. வாய் வேற எதுக்கு எடுக்கணும்?"

அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர்தான் எங்களை முந்தினார். "உப்பு" என்ற சொல் விரல்கள் கிண்ணத்தில் நுழையும்போதே விழ வேண்டும், முன்னும் கூடாது பின்னும் கூடாது என்றார். ஆசையாக எழுதிய முகமனைத் தானே அடித்தார். அங்கே மிச்சமான நேரத்தில் நான் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்றார். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு கோடு போட்டார். சின்ன மூச்சுக்கு ஒற்றைக் கோடு, காட்சி மாறும் இடத்தில் இரட்டைக் கோடு. கடைசியில் கிட்டத்தட்டப் பாதிச் சொற்கள்தான் மிஞ்சின.

பாய்க்கு அதுவே கவலை. "இவ்ளோ நேரம் சும்மா இருந்தா கொரல் அவுட்டுன்னு டிவிய தட்டுவாங்கம்மா."

"கரண்டி சத்தம் கேக்குது இல்ல பாய்? அது போதும். அந்த நேரத்துலதான் அவங்க கைய பாப்பாங்க."

மறுபடி மைக் முன்னால் உட்கார்ந்தேன். காட்சி மாறும் இடத்துக்கெல்லாம் பாய் பென்சிலை உயர்த்திக் கீழே இறக்குவார், இறங்கினால் நான் தொடங்க வேண்டும். வேகமாகப் படிப்பதைவிட வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் எனக்குக் கஷ்டம். "உப்பு. மூன்று விரல் அளவு." அதோடு நிறுத்தினேன். வாசிக்க வரி கையில் இருக்கிறது, பென்சில் இறங்கவில்லை. அந்த மௌனம் எனக்கு ஒரு யுகமாகத் தெரிந்தது. திரையில் விரல்கள் நிதானமாக உப்பை எடுத்து, தண்ணீரில் போட்டு, வெளியே வந்தன. பென்சில் இறங்கியது. "சர்க்கரை. ஒரு கை அள்ளு."

இரண்டாம் தடவை குருசுக்குப்பத்தில் போட்டபோது நான் டிவியைப் பார்க்கவில்லை, பெண்களின் கைகளைப் பார்த்தேன். உப்புக் காட்சி மௌனத்தில் பாதிப் பேர் தங்களை அறியாமல் மூன்று விரலைச் சேர்த்தார்கள். அக்கா மட்டும் புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தாள். கலந்து காட்ட அவள் எழவில்லை. நானும் கூப்பிடவில்லை. படம் அடுத்த ஊருக்குப் போனது, பிறகு அதற்கடுத்த ஊருக்கு. எனக்கு மட்டும் நிறைவில்லை.

அந்த வெயில் காலத்தில் ஒரு பகலில் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே குழந்தை துவண்டு கிடந்தது. காலையிலிருந்து வயிற்றால் போகிறதாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை அடக்கினாள். காய்ச்சி ஆறிய தண்ணீர் செம்பில் இருந்தது. அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு. மூன்று விரல் அளவு."

சொல்லி நிறுத்தினாள். மூன்று விரலால் எடுத்தாள், போட்டாள், விரலை உதறினாள். பென்சில் இறங்குவதற்கு நான் காத்திருந்த அதே நேரம். பிறகுதான் அடுத்த சொல்லைச் சொன்னாள்.

"சர்க்கரை. ஒரு கை அள்ளு."

அந்த எழுத்துத் தமிழை அவள் வாழ்க்கையில் வேறெங்கும் பேசியதில்லை. என் குரலில், என் நிதானத்தில் பேசினாள். கலக்கி நாக்கில் வைத்துப் பார்த்தாள். "கண்ணீரை விட உப்பாக இருக்கக் கூடாது" என்று படத்தின் வரியைச் சொல்லித் தலையாட்டினாள். "சாயந்தரத்துக்குள்ள தெளியலன்னா பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாம், வண்டிக்குச் சொல்லி வச்சிட்டேன்" என்றாள் என்னிடம். ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். நடுநடுவே தாய்ப்பாலும் கொடுத்தாள். வாந்தி எடுத்தபோது கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்ந்தபோது குழந்தை இரண்டு கால்களையும் உதைத்து, வீடே அதிர அழுதது. அக்கா அதன் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரல் ஈரமாக இருந்தது. அந்த விரலை என்னிடம் நீட்டினாள்.

"பாருடி, கண்ணீர் வருது" என்றாள்.