தாமரையைக் கேட்டு வந்த சிங்கப்பூர் வேலை

பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள முதியோர் இல்லத்தில் தாமரையும் நானும் ஒரே ஷிஃப்ட். கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலில் வருவாள். கணவர் இல்லை, கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். சிங்கப்பூர் வேலை கிடைத்தால் தேவலாம் என்று லிங்க்ட்இனில் கணக்குத் தொடங்கி, பராமரிப்புப் பயிற்சிச் சான்றிதழைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். அடையாள அட்டையான ஐசியின் எண்ணும் அதில் தெளிவாகத் தெரிந்தது. பெருமைக்காக எங்களில் பலர் அப்படித்தான் செய்கிறோம்.

சிங்கப்பூரின் பெரிய மருத்துவமனை ஒன்றின் பெயரைச் சொல்லி ஒருவன் அதில் இணைப்புக் கேட்டான். அவள் ஏற்றுக்கொண்டாள். சில வாரங்களில் வாட்ஸ்அப்புக்கு அழைத்துப் போய், வேலை உறுதி, ஐசியையும் பாஸ்போர்ட்டையும் இன்றே படமெடுத்து அனுப்பு என்றான்.

மதிய உணவு நேரத்தில் கைப்பையிலிருந்து ஐசியை எடுத்தவள், அப்படியே நிறுத்தினாள்.

"அக்கா, இந்த ஆளு ஒண்ணுமே கேக்கலையே. படுத்தபடுக்கையா இருக்கிறவங்கள தூக்கத் தெரியுமான்னுகூட கேக்கல."

"அழகப் பார்த்தே எடுத்துட்டான்போல," என்றேன்.

"சும்மா இருங்கக்கா லா. நம்மள மாதிரி பராமரிப்பு வேல பாக்கறவங்க எத்தன பேரு லிங்க்ட்இன்ல இவன்கூட இருக்காங்க பாருங்க. மலர்விழி, முகுந்தன், ஆயிஷா..."

"அவுங்க யாராச்சும் இவன நேர்ல பார்த்திருக்காங்களா?"

அங்கேயே நின்று ஒவ்வொருவருக்கும் போன் அடித்தாள். காஜாங்கில் வேலை பார்க்கும் முகுந்தன் எடுத்தான்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? உங்க பேரு இருந்துச்சு. நீங்க எல்லாத்தயும் செக் பண்ற ஆளாச்சே, அதான் அக்செப்ட் பண்ணேன்."

ஆயிஷாவும் அதையே சொன்னாள். மலர்விழி எடுக்கவில்லை. முதலில் ஏற்றுக்கொண்டது தாமரைதான். அவள் பெயரைக் காட்டித்தான் அவன் மற்றவர்களைப் பிடித்திருக்கிறான்.

தாமரை ஐசியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். மருத்துவமனையின் சொந்த இணையதளத்திலிருந்து எண்ணை எடுத்து அழைத்தாள். அந்தப் பெயரில் இங்கே யாருமில்லை, வாட்ஸ்அப்பில் நாங்கள் ஆவணம் கேட்பதும் இல்லை என்றார்கள்.

பிறகு மலர்விழியை மறுபடி அழைத்தாள். இந்த முறை எடுத்தாள்.

"ஐசி, பாஸ்போர்ட் ரெண்டையும் நேத்தே அனுப்பிட்டேனே, அக்கா."

தாமரை திட்டவில்லை. "அழாத. அவன்கிட்ட ஒண்ணும் பேசாத, மெசேஜ எதையும் அழிக்காத. எல்லாத்தயும் ஸ்கிரீன்ஷாட் எடு. நாலு மணிக்கு போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நில்லு, நான் வரேன்."

கிளம்புமுன் லிங்க்ட்இனில் அவனைப் பற்றிப் புகார் அளித்து, இணைப்பிலிருந்து நீக்கினாள். சான்றிதழ் படத்தைத் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டாள். தன் தொடர்புப் பட்டியலும் தொலைபேசி எண்ணும் பிறர் கண்ணில் படாதபடி மாற்றினாள். முகுந்தனையும் ஆயிஷாவையும் அப்படியே செய்யச் சொன்னாள்.

மலர்விழி புகார் கொடுத்துவிட்டு, வங்கிக்கும் சொல்லிவைத்தாள். இதுவரை பணம் எதுவும் போகவில்லை. கணக்கைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தாமரை அதே மருத்துவமனைக்கு, அதன் இணையதளம் வழியாகவே விண்ணப்பித்திருக்கிறாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தூக்கத் தெரியுமா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிட்டார்களாம்.