தொமினிக் முசியேயின் தொப்பி மரியாதை

கோட்டை மடித்துக் கையில் தொங்கவிட்டு, தலையில் தொப்பியுடன், ஆதிமூலத்தின் இஸ்திரி வண்டியை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார் தொமினிக் முசியே. தொப்பிக்கு இஸ்திரி தேவையில்லை. அது மேற்பார்வைக்கு வருகிறது. கோட்டு வண்டிக்குப் போனால் யாருக்கோ பண்டிகை என்று எங்கள் தெரு காலண்டர் பார்க்காமலே தெரிந்துகொள்ளும்.

பிரெஞ்சு ராணுவத்தில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியவர்; பிரெஞ்சில் ‘ஐயா’ என்பதுதான் அந்த ‘முசியே’. எல்லையைக் காத்துப் பழகிய கண்கள் இப்போது அக்கம்பக்கத்தாரின் திருநாள்களைக் காவல் காக்கின்றன. ரம்ஜானுக்கு அச்சடித்த சிவப்புத் தேதியை நம்ப மாட்டார். முந்தின சாயங்காலம் மொட்டை மாடியில் ஏறி மேற்கே பிறை தேடுவார். தெரியாவிட்டால் பள்ளிவாசல் அறிவிப்புக்காகக் காத்திருப்பார். “நான் பாட்டுக்கு வாழ்த்திட்டு வந்து, அவங்களுக்கு இன்னும் ஒரு நோன்பு பாக்கின்னா? நோன்பு வெச்சிருக்கிறவர் கையில கேக்கைக் கொடுத்த பாவம் எனக்கு வேணாம்பா.”

தீபாவளிக்குச் சரியாகக் காலை ஏழு மணி. அதற்கு முன் போனால் வீட்டார் தலையில் எண்ணெயோடு நிற்பார்கள் என்பது அவர் கணிப்பு. வாசலில் நின்று தொப்பியைக் கழற்றி, “கங்கா ஸ்நானம் ஆச்சா?” என்று ராணுவக் குரலில் கேட்பார். குளிக்காதவர்களுக்குக்கூட ‘ஆச்சு’ என்றுதான் வாயில் வரும்.

பிறர் பிழையையும் அவர் பொறுப்பதில்லை. ஒரு பெரிய வெள்ளியன்று, வெள்ளை உள்ளம் கொண்ட ஆதிமூலம் இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கைகூப்பினார். “முசியே, குட் ஃபிரைடே வாழ்த்து!” அவ்வளவுதான். கரி அணையும்வரை பாடம் நடந்தது. “அது ஆண்டவர் செத்த நாள்யா! துக்க வீட்டுல வந்து வாழ்த்துவியா? ஞாயித்துக்கிழமை உயிர்த்தெழுவார், அன்னிக்கு வந்து சொல்லு!” ஆதிமூலம் ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னார், முட்டைக் கறியும் சாப்பிட்டார்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்துத் தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு கோட்டு வண்டிக்குப் போனது.

“எந்தெந்த வீட்டுக்கு முசியே?”

“வழக்கம்போல. முதல்ல எதிர் வீட்டு சந்திரகலாவுக்கு.”

ஆதிமூலம் கோட்டைத் தொடவேயில்லை. “அவங்க மாமியார் செல்வாம்பாள் ஆடி மாசம் போனாங்களே. நீங்ககூடக் கறுப்பு டை கட்டிக்கிட்டு வந்தீங்க.”

“ஆமா, அதுக்கென்ன? மூணு மாசம் ஆச்சே.”

“மூணு மாசமா! ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டுல பண்டிகை கிடையாது முசியே. துக்க வீட்டுல போய் வாழ்த்துவீங்களா?” அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் பல மாதங்களாக மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார் என்று தோன்றியது.

முசியே தொப்பியைக் கழற்றிவிட்டார். “அப்ப போகவே கூடாதா?”

“போகாம இருந்தா ஒதுக்கிட்டீங்கன்னு நினைப்பாங்க. வாழ்த்துதான் சொல்லக் கூடாது. அவங்க எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டாங்க. மத்தவங்க செஞ்சு கொடுத்தா சாப்பிடுவாங்க. சின்னப் பொண்ணு இருக்குல்ல?”

அடுத்த மூன்று நாளும் தெருவில் கலவரமான அமைதி. வாழ்த்து இல்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைவது எப்படி என்று அவருக்கு எந்த முகாமிலும் கற்றுத்தரவில்லை. “பேசாம போய் பேசாம வாங்களேன்,” என்றார் மனைவி அமேலி, முறுக்குப் பிழிந்துகொண்டே.

தீபாவளிக்கு முந்தின நாள் மாலை, கோட்டும் தொப்பியும் இல்லாமல், வெறும் சட்டையில், முறுக்கு டப்பாவோடு எதிர் வீட்டுப் படியேறினார். பலகாரம் பண்டிகைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதில் அவர் குறியாக இருந்தார். சந்திரகலா வந்தாள். வாய் வரைக்கும் வந்த வாழ்த்தை முசியே விழுங்கியது தொண்டையில் தெரிந்தது.

“நான் தீபாவளிக்கு வரலம்மா. சும்மா வந்தேன். அமேலி பாப்பாவுக்குக் கொடுக்கச் சொன்னா.”

சந்திரகலா டப்பாவை வாங்கிக்கொண்டாள். “அத்தை போனதுலேர்ந்து இந்தப் பண்டிகையப் பத்தி யாரும் எங்ககிட்ட வாயே தொறக்கல முசியே. நேத்துகூடக் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தோம்.” பிறகு தயங்கினாள். “டப்பாவுல நாங்க எதுவும் போட்டுத் திருப்பித் தரக் கூடாது. இந்த வருஷம் மட்டும். தப்பா நினைச்சுக்காதீங்க.”

“டப்பா இங்கயே இருக்கட்டும்மா. அடுத்த தீபாவளிக்கு வந்து வாங்கிக்கிறேன்.”

மறுநாள் காலை ஏழு மணி. தெரு முழுக்கப் பட்டாசுப் புகை. முசியே மற்ற வீடுகளுக்குக் கிளம்ப முழுக் கோலத்தில் தம் வாசலுக்கு வந்தார். வாசலில் கோலம் போடாத எதிர் வீட்டின் ஜன்னலில் சந்திரகலாவின் மகள் உட்கார்ந்து, கையில் ஒரு முறுக்கோடு அவரையே பார்த்தாள்.

முசியே நின்றார். உதடுகளை இறுக மூடிக்கொண்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். அந்தப் பிள்ளையின் கையிலிருந்த முறுக்கு தீரும்வரை தொப்பி தலைக்குத் திரும்பவில்லை.