மாந்துளிர் நிறத்தில் ஒரு சேலை

அம்மாவுக்கு வெள்ளைச் சேலை எடுக்க இன்று மாட்டுவண்டியில் ஓசூர்ச் சந்தைக்குப் போனேன். அப்பா போனதிலிருந்து அம்மாவுக்கு அதுதான்.

வெளியே சாரல். துணிக்கடைக்குள் நிறங்கள் மிதப்பதுபோல் இருந்தன.

பக்கத்தில் ஒரு மாமியாரும் மருமகளும். இருவர் நெற்றியிலும் பொட்டில்லை, கையில் வளையலில்லை. கடைக்காரர் கேட்காமலே வெள்ளைச் சேலைகளை இறக்கினார்.

"அது வேணாம். அந்த மாந்துளிர் கலரு எடுங்க, என் மருமவளுக்கு," என்றார் மாமியார்.

"ஊரு பேசுமே, அத்தே," என்றாள் அவள்.

"நீயா கட்டுனா பேசும். மாமியா எடுத்துக் குடுத்ததுன்னு சொல்லு. அப்புறம் என்னை வந்து கேக்கட்டும். கண்ணாடி வளையலும் போட்டுக்க."

மருமகள் சேலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"உங்களுக்கு யாரு எடுத்துக் குடுக்கறது?"

மருமகளே ஒரு நீலச் சேலையை எடுத்து மாமியார் மடியில் வைத்தாள். அதன் கரையோரமாக மாமியாரின் விரல் போய்க்கொண்டே இருந்தது.

அம்மாவுக்காக நான் எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

அம்மாவைக் கேட்டால் வெள்ளை என்றுதான் சொல்வாள். இதைப் படிக்கும் நீங்கள், அவளுக்கு எடுக்க உங்களுக்குத் தோன்றும் நிறத்தைச் சொல்லுங்கள். ஊர் கேட்டால், மகள் எடுத்துக் கொடுத்தது என்று அம்மா சொல்லிக்கொள்ளட்டும்.