தம்பிக்கும் சொல்லாத செய்தி

நளினிக்கு மூக்கின் மேல் கோபம். பத்து பெரண்டாம் என்ற ஊரில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் வாடிக்கையாளர் கணக்கெல்லாம் அவள் பொறுப்பு. பக்கத்து மேசையில் நான்.

பங்குச் சந்தைக்குப் போக கம்பெனி தயாரானபோது, பங்கு வெளியீட்டு ஆவணத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் காட்டி ஒருவர் கையெழுத்திட வேண்டியிருந்தது. அவளிடம் வந்த வாக்கியம், ‘பெரிய வாடிக்கையாளருடன் வியாபாரம் தொடரும்’ என்றது. அந்த வாடிக்கையாளர் ஆண்டு முடிவில் விலகுவதாகச் சொன்ன கூட்டத்தில் அவளும் இருந்தாள்.

“இது பொய் சார். நான் சைன் பண்ண மாட்டேன்.”

“அவங்க விலகுறது இன்னும் எழுத்துல வரலைலா நளினி” என்றார் முதலாளி வடிவேலு. “சரி, எடுத்துடுறேன்.”

நம்பினாள். அங்கேதான் ஏமாந்தாள். விலகும் விஷயம் தெரிந்துகொண்டு வாங்க மனமில்லாமல், ஊழியர்களுக்கு ஒதுக்கிய பங்குகளும் வேண்டாம் என்றாள்.

பங்குகள் சந்தைக்கு வந்த பிறகு, மஸ்ஜித் தானாவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் தம்பி புவனேஷ் ஆயர் குரோவில் உள்ள அவள் வீட்டுக்கு வந்தான். அக்கா கம்பெனி என்று, அவளிடம் கேட்காமலே வெளியீட்டில் பங்கு வாங்கியிருந்தான். அவன் கைப்பேசியில் காட்டிய ஆவணத்தில் அந்த வாக்கியம் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது. வேறு யாரோ கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“வெச்சிருக்கவா, வித்துடவா அக்கா?”

வாடிக்கையாளர் விலகும் செய்தி இன்னும் வெளியே வரவில்லை. வந்தால் விலை சரியும். அதைத் தெரிந்துகொண்டு அவள் விற்கவோ, அவனை விற்கச் சொல்லவோ கூடாது. சட்டப்படி குற்றம்.

“என்கிட்ட கேக்காதே” என்று கத்திவிட்டாள். அவன் முகம் சுருங்கக் கிளம்பிப் போனான்.

மறுநாளே அவள் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனுக்குப் புகார் எழுதினாள். அவர்கள் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, வாடிக்கையாளர் விலகியதைக் கம்பெனி அறிவித்தது. விலை பாதாளத்துக்குப் போனது. அறிவிப்புக்கு முந்தைய வாரமே வடிவேலுவின் மைத்துனன் தன் பங்கையெல்லாம் விற்றுவிட்டான் என்ற செய்தியும் கசிந்தது. ஊரார் தலையில் மிளகாய் அரைத்துவிட்டு, சொந்தக்காரனை மட்டும் கரையேற்றியிருக்கிறார் மனிதர்.

மறுபடி அவள் வீட்டுக்கு வந்த புவனேஷ் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

“உனக்கு முன்னயே தெரியும்தானே?”

“தெரியும்.”

“அவரு மச்சானுக்குச் சொன்னாரு. நீ சொந்தத் தம்பிக்குச் சொல்லல.”

“சொல்லியிருந்தா இன்னைக்கு அந்த மச்சான் பக்கத்துல குற்றவாளியா நீயும் நிப்படா, நானும் நிப்பேன்” என்றாள் நளினி. “பொய்ய நம்பி வாங்கினவன் நீ. அதைச் சொல்லி கம்பெனிகிட்ட நஷ்டஈடு கேளு. நான் வந்து சாட்சி சொல்றேன்.”

“அதை வக்கீல்கிட்டயே கேட்டுக்கிறேன்” என்று காரை எடுத்தான். தீபாவளிக்கும் வரவில்லை.