கடனுக்குப் போட்டி

பகலில் தட்டச்சுப் பயிலகத்தில் ஆசிரியை, சாயங்காலம் கீழ்வேளூர் கடைத்தெருவில் ஒரு உரக்கடைக்குக் கணக்கு எழுதுபவள். இரண்டு சம்பளம் சேர்ந்தும் ஒரு சம்பளமாகாத காலம் அது. கடை முதலாளியை ஊரே பாய் என்று கூப்பிடும். நானும் அப்படித்தான். வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும்போது பாக்கி என்ற வார்த்தையையே வாயில் எடுக்கமாட்டார். கடையில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அதனால் பேசவேண்டியதையெல்லாம் மாதக் கடைசியில் கடிதமாகத் தட்டச்சு செய்து, உறையிலிட்டு, கல்லாப்பெட்டி மேல் வைத்துவிடுவேன். பென்சிலால் ஓரத்தில் பதில் வரும். பெரும்பாலும் "பார்ப்போம்".

அந்த மாதம் "பார்ப்போம்" செல்லாது என்று முடிவுகட்டி எழுதினேன். வந்த பில்கள் மூன்று. அதில் தஞ்சாவூர் மொத்த வியாபாரியின் இரண்டு இன்னும் கட்டவில்லை, கட்டாவிட்டால் சம்பாவுக்கு ஒரு மூட்டைகூட வராது. நமக்கு வரவேண்டியது இரண்டாயிரத்துச் சொச்சம். அதில் பாதிக்கு மேல் ஒரே கணக்கு. மிராசுதார் பற்றில் எழுதி, அவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போன யூரியா. மிராசுதாருக்குப் பட்டியல் அனுப்பினால், "நான் வாங்கவில்லை, போட்டவனைக் கேள்" என்று அதன் பின்பக்கமே எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். என் கடிதத்தின் அடியில் கொட்டை எழுத்தில்: இந்தப் பற்றைக் குத்தகைக்காரர் பேருக்கு மாற்றலாமா? முடிவு தேவை.

மறுநாள் பாயின் மூக்குக்கண்ணாடி கால் உடைந்து நாகப்பட்டினத்துக்குப் போயிருந்தது. தட்டச்சு எழுத்தைப் பார்த்ததும் கம்பெனியின் விலைச் சுற்றறிக்கை என்று நினைத்துக்கொண்டு, பெஞ்சில் இருந்தவரிடம் நீட்டி, "கொஞ்சம் சத்தமா படிங்க" என்றிருக்கிறார். பெஞ்சில் இருந்தவர் அந்தக் குத்தகைக்காரரேதான். சங்கக் கூட்டத்தில் பத்திரிகை படித்துக் காட்டும் குரல். நான் கடைக்குள் நுழைந்தபோது தன் கணக்கையே தெருவுக்குக் கேட்கும்படி படித்துக்கொண்டிருந்தார். பாய் முகம் வெளுத்து, "போதும், வையிங்க" என்றார்.

அவர் வைக்கவில்லை. "பாய், எழுதுங்க! மொத்தக் கடனும் என் பேருல எழுதுங்க!"

கடையில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். விஷயம் இதுதான். யார் சாகுபடி செய்கிறார்கள் என்று பதிய தாசில்தார் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார். வாய்வார்த்தைக் குத்தகை, கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. மிராசுதாரோ சொந்தப் பண்ணை என்று சாதித்தார். பெயர் பதியாவிட்டால் நிலத்தை விட்டு இறங்கவேண்டியதுதான். உரத்துக்குப் பட்ட கடன் குத்தகைக்காரர் பேரில் இருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

பாய் மறுபடி "பார்ப்போம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பேரேட்டை டொப்பென்று போட்டேன்.

தெருவுக்கே கேட்டது மிராசுதாருக்குக் கேட்காதா? அடுத்த நாள் அவருடைய காரியக்காரர் பணக்கட்டோடு வந்தார். "முழுசும் இருக்கு. எண்ணிக்கிட்டு எங்க ஐயா பேருக்கு ரசீது போடுங்க." அந்தக் கட்டு தஞ்சாவூர் பாக்கியை அடைக்கும். பாய் அதையே பார்த்தார். பிறகு என்னிடம், "ஏம்மா, அந்தப் பட்டியல எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கத்தைக் காரியக்காரரிடம் காட்டினார்.

"உங்க ஐயா வாங்கலன்னு அவர் கையாலேயே எழுதியிருக்காரு. வாங்காத சரக்குக்கு நான் காசு வாங்கினா ஹராம்ங்க. எடுத்துட்டுப் போங்க."

அவர் போனபிறகு உடைந்த பென்சிலைத் தேடி எடுத்து, கண்ணுக்கு அருகில் வைத்து, என் கடிதத்தின் ஓரத்தில் "மாற்றவும்" என்று எழுதினார். பாயின் வீட்டுக்குத் தளம் போட அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியிருந்த பணம் தஞ்சாவூருக்குப் போனது. வீட்டில் ஒரு வாரம் அவருக்குச் சோறு மட்டும்தான் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

குத்தகைக்காரர் லேசுப்பட்டவரில்லை. ஐந்து ரூபாய் கட்டுவார், ஒரு ரசீது கேட்பார். கடை சாத்துமுன் இரண்டு ரூபாய், இன்னொரு ரசீது. "பேரு, ஊரு, எந்த வயலுக்குன்னு எல்லாம் வெவரமா போடுங்கம்மா." எழுதி எழுதி எனக்கு விரல் வீங்கியது. அடுத்த மாதக் கடிதத்தில் முடிவு தேவை என்ற தலைப்பின்கீழ் முதலாவதாக, ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது என்று எழுதினேன்.

தாசில்தார் முகாமில் அந்த ரசீதுக் கட்டைக் குத்தகைக்காரர் பிரித்துப் பரப்பினாராம். பக்கத்து வயல்காரர்களும் சாட்சி சொன்னார்கள். பெயர் பதிந்தது.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை காலை, பயிலகம் விடுமுறை என்று நான் கடையில் இருந்தேன். நாற்று நடவுக்கு ஆள் இறங்கியிருந்த நேரம். குத்தகைக்காரர் சேற்றுக்காலோடு கடைக்கு ஓடிவந்து, மிச்சப் பணம் முழுவதையும் என் மேசையில் கொட்டினார். வழக்கம்போல ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, பேர் ஊர் எழுத ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும்மா, நம்ம வயல்ல ஆளு நிக்குது" என்று சொல்லிக்கொண்டே, நிற்காமல் ஓடினார்.